மூடும் வால்வும் திரும்பி வரும் அலையும்

இரண்டு எஃகுக் குழாய்களை எடுத்துக்கொள்வோம். விட்டமும் ஒன்றே, உள்ளே தண்ணீர் ஓடும் வேகமும் ஒன்றே. ஒன்றின் நீளம் 300 மீட்டர், மற்றதன் நீளம் 3 கிலோமீட்டர். இரண்டின் கடைசியிலும் இருக்கும் வால்வைக் கண்ணிமைக்கும் நேரத்தில் மூடிவிட்டால் எந்தக் குழாயில் அழுத்தம் அதிகமாக எகிறும்?

நீளமான குழாயில்தான் என்று சொல்லத் தோன்றும். அதில் பத்து மடங்கு தண்ணீர் ஓடிக்கொண்டிருக்கிறது, அதை நிறுத்தப் பத்து மடங்கு பலம் வேண்டுமே என்று மனம் கணக்குப் போடும். ஆனால் வால்வருகே வரும் முதல் அடி இரண்டிலும் ஒன்றுதான். நீளம் அந்த அடியின் பலத்தைத் தீர்மானிப்பதில்லை. அது தீர்மானிப்பது வேறொன்றை: எவ்வளவு மெதுவாக மூடினால் அது ‘திடீர்’ என்ற கணக்கில் வராது என்பதை. வாட்டர் ஹாமர் என்று பொறியாளர்கள் அழைக்கும் இந்த நிகழ்வில் பலர் சறுக்குவது இந்த இடத்தில்தான்.

குழாய்க்குள் ஓடும் தண்ணீரை ஒரே கட்டியாக நினைத்துக்கொள்வதால்தான் குழப்பம் வருகிறது. கட்டியாக இருந்தால் வால்வு மூடிய கணத்தில் மூன்று கிலோமீட்டர் நீரும் ஒருசேர நிற்க வேண்டும். அப்படி நிறுத்த அளவற்ற விசை தேவைப்படும்; எந்தக் குழாயும் தாங்காது. உண்மையில் தண்ணீர் மிகச் சிறிதளவு அமுங்கும். குழாயும் மிகச் சிறிதளவு உப்பும். இந்த இரண்டு நெகிழ்வும் இருப்பதால் தண்ணீர் ஒருசேர நிற்காமல் படிப்படியாக நிற்கிறது. ரயில்வே கேட் மூடியதும் முதல் வண்டி நிற்கிறது, பிறகு அதன் பின்னால் வந்தது, பிறகு அதற்கும் பின்னால் வந்தது. வரிசையின் கடைசியில் வரும் வண்டிக்கு முன்னே கேட் மூடியிருப்பதே தெரியாது. அது பாட்டுக்கு வந்துகொண்டிருக்கும். குழாயிலும் அப்படித்தான். வால்வை ஒட்டிய நீர் முதலில் நின்று அமுங்குகிறது, பிறகு அதற்குப் பின்னால் உள்ள நீர். ‘நில்’ என்ற இந்தச் செய்தி ஓர் அழுத்த அலையாக, வந்த வழியே பின்னோக்கி ஓடுகிறது.

அந்த அலையின் வேகம் தெரிந்துவிட்டால் அழுத்தம் எவ்வளவு ஏறும் என்பதை ஒரே வரியில் கணக்கிட்டுவிடலாம். அலை நொடிக்கு 1,200 மீட்டர் ஓடுகிறது என்று வைத்துக்கொள்வோம். அப்படியானால் ஒரு நொடியில் 1,200 மீட்டர் நீளமுள்ள நீர் நிற்கிறது. குழாயின் குறுக்குப் பரப்பில் ஒரு சதுர மீட்டருக்குக் கணக்கிட்டால் அது 1,200 கன மீட்டர், அதாவது 12 லட்சம் கிலோ. நொடிக்கு 1.5 மீட்டர் வேகத்தில் வந்த அத்தனை நீரும் அந்த ஒரு நொடிக்குள் நின்றிருக்கிறது. இழந்த உந்தம் 18 லட்சம். நியூட்டன் விதிப்படி அதுவே விசை. ஒரு சதுர மீட்டருக்கு 18 லட்சம் நியூட்டன். இதைத்தான் 18 பார் என்கிறோம். ஒரு பார் என்பது ஏறத்தாழ 10 மீட்டர் உயர நீர் தரும் அழுத்தம். ஆக, 180 மீட்டர் உயரத் தண்ணீர்த் தொட்டியைத் திடீரென்று குழாயின் தலைமேல் ஏற்றி வைத்ததற்குச் சமம். சூத்திரமாக எழுதினால்:

ΔP = ρ × a × v

ρ என்பது நீரின் அடர்த்தி, a அலையின் வேகம், v நிறுத்தப்பட்ட நீரோட்டத்தின் வேகம். குழாயின் நீளம் இதில் எங்கும் இல்லை.

இந்தச் சூத்திரம் நிக்கோலாய் ஜுகோவ்ஸ்கியின் பெயரால் வழங்கப்படுகிறது. ரஷ்ய விமானவியலின் தந்தை என்று கொண்டாடப்படுபவர் அவர். 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் மாஸ்கோ நகரக் குடிநீர்க் குழாய்கள் அழுத்தம் எகிறி உடைவது பெரும் தொல்லையாக இருந்தது. அதற்குக் காரணம் தேடி 1897, 1898 ஆண்டுகளில் அலெக்ஸேயெவ்ஸ்கயா நீரேற்று நிலையத்தில் அவர் சோதனைகள் நடத்தினார். 2, 4, 6 அங்குலக் குழாய்களோடு 24 அங்குலப் பெருங்குழாயையும் சேர்த்துக்கொண்டார். குழாயின் பல இடங்களில் அழுத்தப் பதிவுக் கருவிகளைப் பொருத்தி, வால்வைச் சட்டென்று மூடி, அலை எந்த நேரத்தில் எந்த இடத்தைக் கடக்கிறது என்று அளந்தார். சிறிய குழாய்களில் அலை நொடிக்குச் சுமார் 1,280 மீட்டர் ஓடியது. 24 அங்குலக் குழாயில் ஏறத்தாழ 1,000 மீட்டர்தான். பெரிய குழாயின் சுவர் அதன் விட்டத்தோடு ஒப்பிடும்போது மெல்லியது, அதனால் எளிதில் உப்புகிறது. உப்பினால் அலை மெதுவாகிறது. நீரோட்டத்தில் நொடிக்கு ஓர் அடி வேகத்தை அழித்தால் சிறு குழாயில் 4 வளிமண்டல அழுத்தமும் பெருங்குழாயில் 3 வளிமண்டல அழுத்தமும் கூடும் என்பது பொறியாளர்கள் மனத்தில் வைத்துக்கொள்ள அவர் தந்த எளிய கணக்கு.

இதே தொடர்பை 1883லேயே யோஹானஸ் ஃபோன் கிரீஸ் எழுதிவிட்டார் என்பதையும் இங்கே சொல்ல வேண்டும். அவர் ஜெர்மானிய உடலியல் அறிஞர். அவர் ஆராய்ந்தது குடிநீர்க் குழாயை அல்ல, நம் ரத்தக் குழாய்களில் ஓடும் நாடித்துடிப்பை. சோதனைக்கு ரப்பர்க் குழாய்களை வைத்துக்கொண்டார். நெகிழும் குழாயில் ஓடும் திரவம் எதுவானாலும் இயற்பியல் ஒன்றுதான்.

இனி நம் 3 கிலோமீட்டர் குழாய்க்குள் நொடி நொடியாகப் போய்ப் பார்ப்போம். ஒரு குன்றின் மேல் நீர்த்தேக்கம். அங்கிருந்து 300 மில்லிமீட்டர் விட்டமும் 6 மில்லிமீட்டர் சுவரும் கொண்ட எஃகுக் குழாய் இறங்கி வந்து ஊர் மேல்நிலைத் தொட்டியின் அடிவாரத்தை அடைகிறது. அங்கே வால்வு. நீர்த்தேக்கத்தின் நீர்மட்டம் வால்வுக்கு 40 மீட்டர் மேலே, தொட்டியின் நீர்மட்டம் 20 மீட்டர் மேலே. தண்ணீர் நொடிக்கு 1.5 மீட்டர் வேகத்தில், அதாவது நொடிக்கு நூறு லிட்டருக்குச் சற்று அதிகமாக ஓடுகிறது. வழியில் உராய்வுக்கே சுமார் 20 மீட்டர் போய்விடுவதால், ஓட்டம் இருக்கும்போது வால்வருகே அழுத்தம் 2 பார்தான் இருக்கும். இந்தக் குழாயில் அலைவேகம் கணக்குப்படி நொடிக்கு 1,200 மீட்டரை ஒட்டி வருகிறது.

வால்வு சட்டென்று மூடுகிறது. வால்வருகே அழுத்தம் 2 பாரிலிருந்து 20 பாருக்குத் தாவுகிறது. அலை பின்னோக்கிக் கிளம்பி, 2.5 நொடியில் நீர்த்தேக்கத்தைத் தொடுகிறது. இந்த 2.5 நொடியும் மேல்முனையில் தண்ணீர் எதுவும் அறியாமல் குழாய்க்குள் நுழைந்தபடியே இருக்கிறது. கணக்கிட்டால் 265 லிட்டர். கீழே மூடிய குழாய்க்குள் 265 லிட்டர் எங்கே அடங்கியது? ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு, நீர் அமுங்கியதால் கிடைத்த இடம். மீதி, எஃகு உப்பியதால் கிடைத்த இடம். எஃகு எவ்வளவு உப்பியது என்றால் விட்டத்தில் 0.07 மில்லிமீட்டர் கூட இல்லை, ஒரு தலைமுடியின் பருமன். மூன்று கிலோமீட்டருக்கும் சேர்த்துப் பார்த்தால் அதில் தொண்ணூறு லிட்டர் ஒளிந்துகொள்கிறது. ஓட்டத்தின் இயக்க ஆற்றல் முழுவதும் இப்போது அமுங்கிய நீரிலும் விறைத்த எஃகிலும் தேங்கி நிற்கிறது. வழியெல்லாம் உராய்வுக்குப் போய்க்கொண்டிருந்த அழுத்தமும் ஓட்டம் நின்றதும் மெல்லத் திரும்பி வருவதால், வால்வருகே அளவு 20 பாருக்கு மேல் இன்னும் கொஞ்சம் ஊர்ந்து ஏறும்.

நீர்த்தேக்கத்தின் வாயில் அழுத்தத்தை யாராலும் ஏற்ற முடியாது. அங்கே அது நீர்மட்டத்துக்குரிய அளவுதான். உள்ளே அழுத்தம் அதிகம், வெளியே குறைவு. அதனால் அமுங்கிய நீர் மேல்நோக்கி, தேக்கத்துக்குள்ளேயே பாயத் தொடங்குகிறது. அழுத்தம் தளர்கிறது. இந்தத் தளர்ச்சி ஓர் அலையாகக் கீழே இறங்கி, வால்வு மூடிய 5ஆவது நொடியில் வால்வை அடைகிறது. அந்தக் கணத்தில் குழாயில் அழுத்தம் தேக்கத்துக்குரிய அளவுக்கு வந்திருக்கும். ஆனால் உள்ளே இருக்கும் நீர் முழுவதும் தேக்கத்தை நோக்கிப் பின்னால் ஓடிக்கொண்டிருக்கும்.

பலர் நினைத்துப் பார்க்காத பாதி இங்கேதான் தொடங்குகிறது. வால்வு மூடியிருக்கிறது. நீர் அதை விட்டு விலகி ஓடப் பார்க்கிறது. விலகும் இடத்தை நிரப்ப அங்கே எதுவும் இல்லை. ஆகவே அழுத்தம் ஏறியதைப் போலவே இறங்க வேண்டும்: தேக்கத்துக்குரிய 4 பாரிலிருந்து 18 பார் கீழே. விடை கழித்தல் 14 பார். குழாய் நீரில் அப்படி ஓர் அழுத்தம் வராது. வளிமண்டலத்துக்குக் கீழே ஒரு பார் அளவுக்கு இறங்குவதற்குள் தண்ணீர் சாதாரண வெப்பத்திலேயே கொதித்து நீராவியாகிவிடும். வால்வை ஒட்டி நீர்த்தூண் அறுந்து, நடுவே ஆவி நிறைந்த வெற்றிடம் திறக்கிறது. சிறிது நேரத்தில் தேக்கத்தின் அழுத்தம் அந்த நீரைத் திரும்பத் தள்ளிக்கொண்டு வரும். ஆவி மறுபடி நீராகிக் காணாமல் போகும். நீர்த்தூண் மூடிய வால்வின்மேல் வந்து மோதும். இந்த இரண்டாம் அடி சில வேளைகளில் முதல் அடியையும் மிஞ்சும்.

தாழ்வழுத்தம் எவ்வளவு கொடியது என்பதற்கு ஜப்பானின் ஓயிகாவா நீர்மின் நிலையத்தில் 1950இல் நடந்த விபத்து சாட்சி. வால்வை இயக்கும் எண்ணெய்க் கட்டுப்பாட்டு அமைப்பில் பராமரிப்பின்போது நேர்ந்த தவறால் வால்வு மிக வேகமாக மூடிக்கொண்டது. அழுத்தம் எகிறி, மலையிலிருந்து இறங்கும் எஃகுப் பெருங்குழாய் பிளந்தது. பிளவு வழியே நீர் கொட்டித் தீர, அதற்கு மேலே இருந்த பகுதியில் அழுத்தம் சரிந்தது. உள்ளே தாங்க எதுவும் இல்லாத அந்தப் பகுதியை வெளிக்காற்றின் அழுத்தமே நசுக்கித் தட்டையாக்கிவிட்டது. மூன்று பணியாளர்கள் உயிரிழந்தார்கள். ஒரே குழாயின் ஒரு பகுதி வெடித்திருக்கிறது, இன்னொரு பகுதி உள்ளே சப்பியிருக்கிறது. அலை இரு திசையிலும் என்ன செய்யும் என்பதற்கு இதைவிடத் தெளிவான அடையாளம் தேவையில்லை.

நம் குழாயில் 20 பாருக்கு எது உடையும்? எஃகுச் சுவர் உடையாது. 6 மில்லிமீட்டர் எஃகுக்கு அந்த அழுத்தம் சாதாரணம். சேதமாவது அதன் கூட்டாளிகள். ஃபிளாஞ்சுகளுக்கு இடையே உள்ள கேஸ்கெட் பிதுங்கும். 10 பாருக்கோ 16 பாருக்கோ தயாரித்த வால்வின் உடல் விரியும். குழாய் வளையும் இடத்தில் அதை அசையாமல் பிடித்திருக்கும் கான்கிரீட் கட்டை நகரும். மூடிய வால்வின் முகத்தில் மட்டும் கூடுதலாக விழும் விசை ஏறத்தாழ 13 டன். வளைவு செங்கோணமாக இருந்தால் அதைவிட அதிகம். ரப்பர் வளையம் போட்டுச் சொருகிய இணைப்புகள் உள்ள குழாயில் அந்தக் கட்டை கொஞ்சம் நகர்ந்தாலே போதும், இணைப்பு கழன்று தெருவில் ஊற்று கிளம்பும்.

இப்போது ‘திடீர்’ என்பதற்கு வருவோம். அலை போய்த் திரும்ப இந்தக் குழாயில் 5 நொடி ஆகிறது. 5 நொடிக்குள் எப்போது வால்வு மூடி முடித்தாலும், தேக்கத்திலிருந்து தளர்ச்சி அலை வந்து உதவுவதற்குள் வால்வருகே ஓட்டம் முழுவதும் நின்றிருக்கும். எனவே முழு 18 பாரும் வந்தே தீரும். அரை நொடியில் மூடினாலும் நாலரை நொடியில் மூடினாலும் உச்சம் ஒன்றுதான். 300 மீட்டர் குழாய்க்கு அந்த எல்லை அரை நொடி. ஆக, குட்டைக் குழாயில் எந்த ஆபத்தும் இல்லாமல் இரண்டு நொடியில் மூடிப் பழகிய கை, நீண்ட குழாயிலும் அதே இரண்டு நொடியில் மூடினால் முழு அடியையும் வாங்கித் தரும். கால் சுற்றில் மூடிக்கொள்ளும் பட்டர்ஃப்ளை வால்வும் பால் வால்வும் நீண்ட குழாயில் கியர் இல்லாமல் இருக்கக் கூடாது என்பது இதனால்தான்.

மெதுவாக மூடினால் எவ்வளவு குறையும்? வேகம் சீராகக் குறைந்துகொண்டு வந்தால், 2 × நீளம் × வேகம் × அடர்த்தி, இதை மூடும் நேரத்தால் வகுத்தால் தோராய விடை கிடைக்கும். 60 நொடியில் மூடினால் 1.5 பார்தான் ஏறும். நிம்மதியான எண். ஆனால் இந்த நிம்மதியை நம்ப வேண்டாம். ‘சீராக’ என்ற அந்த ஒரு சொல்லை கேட் வால்வு நிறைவேற்றுவதே இல்லை.

300 மில்லிமீட்டர் கேட் வால்வை முழுக்க மூடச் சுமார் 40 சுற்று வேண்டும். சக்கரத்தைச் சுற்றச் சுற்ற உள்ளே கதவு இறங்கிக்கொண்டே வருகிறது. ஓட்டமும் அதே விகிதத்தில் குறையும் என்று கை நினைக்கிறது. குழாயின் கணக்கு வேறு. மூன்று கிலோமீட்டர் உராய்வுதான் இங்கே ஓட்டத்துக்குப் பெரிய தடை. அதற்கு முன் பாதி திறந்த வால்வின் தடை ஒரு பொருட்டே இல்லை. முப்பது சுற்று மூடி, வால்வு கால்பங்கு மட்டும் திறந்திருக்கும்போதும் ஓட்டம் பழைய அளவில் ஏறத்தாழ 95 சதவீதம் இருக்கும். முப்பத்தைந்து சுற்று முடித்த பிறகும் எண்பது சதவீதம் போல ஓடிக்கொண்டிருக்கும். கடைசி நாலைந்து சுற்றில்தான் மொத்த ஓட்டமும் நிற்கிறது. 60 நொடியில் 40 சுற்று என்றால் சுற்றுக்கு ஒன்றரை நொடி. கடைசி நான்கு சுற்றுக்கு 6 நொடி. முன்பு போட்ட கணக்கில் 60க்குப் பதில் 6 போட்டுப் பாருங்கள்: 15 பார். ஒரு நிமிடம் எடுத்து மூடியவர், தான் நிதானமாகத்தான் மூடினேன் என்று சொல்வார். அவர் சொல்வதும் பொய்யில்லை. நிதானம் தேவையில்லாத இடத்தில் செலவாகிவிட்டது.

அதனால் நீண்ட குழாயில் மொத்த நேரத்தைப் பற்றிப் பேசுவதே தவறு. முதல் முப்பது சுற்றை வேண்டிய வேகத்தில் சுற்றலாம். கடைசி ஐந்து சுற்றுக்கு ஒவ்வொன்றுக்கும் பதினைந்து நொடியாவது கொடுக்க வேண்டும். மோட்டார் வைத்து இயக்கும் வால்வுகளிலும் இரண்டு கட்டமாக மூடும்படி அமைப்பதன் நோக்கம் இதுவே. வால்வுக்கு அருகே காற்றுக்கலனோ நிவாரண வால்வோ வைப்பதெல்லாம் கை தவறும்போது காப்பதற்கு. மூடும் முறையைச் சரிசெய்யாமல் அவற்றை மட்டும் நம்புவது சரியான வழி என்று நான் நினைக்கவில்லை.

பிவிசி குழாய் போட்டுவிட்டால் தொல்லை தீர்ந்தது என்று சொல்பவர்களும் உண்டு. பாதி உண்மை. பிளாஸ்டிக் சுவர் எஃகைவிட மிக எளிதில் உப்புவதால் அதில் அலை நொடிக்குச் சுமார் 400 மீட்டர்தான் ஓடும். எனவே ஏற்றம் 18 பாருக்குப் பதில் 6 பார். மறு பாதி இது: அலை மெதுவாக ஓடுவதால் அது போய்த் திரும்ப 15 நொடி ஆகும். எஃகில் 10 நொடியில் மூடினால் ஓரளவு தப்பிக்கலாம். பிவிசியில் அதே 10 நொடி முழு அடி. 2 பாரோடு 6 சேர்ந்து 8, உராய்வு திரும்பித் தரும் பங்கும் சேர்ந்தால் பத்து கிலோ பைப்பின் விளிம்பைத் தொட்டுவிடும். அன்று உடையாது. தினமும் இரண்டு வேளை இப்படி உப்பிச் சுருங்கினால், சில ஆண்டுகள் கழித்து ஒன்றும் நடக்காத ஒரு நாளில் நீளவாக்கில் கீறும்.

ஒரு குழாயில் இது நடக்கிறதா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? வால்வருகே உள்ள அழுத்தமானியைப் பார்த்தாலே ஓரளவு தெரியும். மூடிய பிறகு முள் ஓர் உச்சத்துக்கு ஏறி, விழுந்து, மறுபடி ஏறினால், ஒரு ஏற்றத்துக்கும் அடுத்ததற்கும் இடையே எத்தனை நொடி என்று எண்ணிப் பார்க்கலாம். நீர்த்தூண் அறுபடாத அளவுக்கு அடி சிறிதாக இருந்தால் நம் குழாயில் அது 10 நொடி. அலை நான்கு முறை நீளத்தைக் கடக்கும் நேரம். கால் மணிக்கு ஒரு முறை அழுத்தத்தைக் குறிக்கும் பதிவேட்டில் இது எதுவும் விழாது. சராசரி அழுத்தம் ஒழுங்காக இருக்கிறது, குழாய் மட்டும் ஒரே பகுதியில் திரும்பத் திரும்ப உடைகிறது என்ற புகார் வரும் இடங்களில், நொடிக்கு நூறு முறையாவது அளக்கும் கருவியை ஒரு வாரம் மாட்டி வைத்தால் போதும். உடையும் காரணம் கோடாகவே வந்து நிற்கும்.

அந்தக் கோட்டில் இன்னொன்றும் படிக்கலாம். ஜுகோவ்ஸ்கி மாஸ்கோ சோதனைகளிலேயே இதைக் கவனித்துவிட்டார். குழாய் முழுதும் ஒழுங்காக இருந்தால், முதல் ஏற்றத்துக்குப் பிறகு 5 நொடிவரை அழுத்தம் இறங்கவே கூடாது. தளர்ச்சி அலை தேக்கத்திலிருந்துதான் வர வேண்டும், அது வர அவ்வளவு நேரம் ஆகும். அதற்கு முன்பே, சொல்லப்போனால் 1.6ஆவது நொடியில், கோடு ஒரு சிறு படி கீழே இறங்கினால் வழியில் எங்கோ நீர் வெளியேறுகிறது என்று பொருள். அலை 1.6 நொடியில் போய்த் திரும்பியிருக்கிறது. ஓடிய தூரம் 1,920 மீட்டர், அதில் பாதி 960. வால்விலிருந்து 960 மீட்டர் தள்ளி, அந்த இடத்தை ஒட்டித் தோண்டத் தொடங்கலாம்.